நடுவிலைக்கு மேலே கிடைத்த 15,000: ஓர் உண்டியல் பரிமாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

தங்கையின் வங்கிக் கணக்கு அறிக்கையை மேசைமேல் விரித்தபோது முதலில் கண்ணில் பட்டவை ஒன்பது வரவுகள். எல்லாம் இரண்டே நாளில் வந்தவை. எட்டு வரவுகள் தலா 48,000. கடைசி வரவு 31,000. கூட்டினால் 4,15,000. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் வீடு கட்டுவதற்காக உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்து முகவர்கள் கைமாற்றிக் கொடுக்கும் ஹவாலா வழியில், அனுப்பிய தொகை அது. பேசிய தொகை ஒரு காசு குறையாமல் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அந்த ஒன்பது வரிகளில் ஒன்றில்கூட அண்ணனின் பெயர் இல்லை. பன்னிரண்டாம் நாள் கணக்கு முடக்கப்பட்டது.

நான் நெடுங்காலம் வங்கியில் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன். ஓய்வுபெற்ற பின்னும் இப்படிப்பட்ட காகிதங்களோடு யாராவது வருவதுண்டு. இந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காக விவரங்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். கணக்கு ஓடிய விதத்தை மாற்றவில்லை. நாடுகளின் பெயரும் நாணயங்களின் பெயரும் வேண்டாம். அண்ணன் சம்பாதிப்பதை வெளிப்பணம் என்றும், தங்கை செலவழிப்பதை ஊர்ப்பணம் என்றும் சொல்லிக்கொள்வோம்.

இரண்டு விலைகள்

அண்ணனிடம் 5,000 வெளிப்பணம் இருந்தது. அன்று உலகச் சந்தையில் ஒரு வெளிப்பணத்துக்கு 80 ஊர்ப்பணம். வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கும் எண் அது. இதை நடுவிலை என்பார்கள். எந்த நாணய மாற்று இணையதளத்திலும் ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

வங்கி கொடுத்த விலை 79.20. அதற்கு மேல் கட்டணம் 20 வெளிப்பணம். ஆக 4,980 வெளிப்பணத்துக்கு 3,94,416 ஊர்ப்பணம் கிடைக்கும். கூட வேலை பார்க்கும் ஒருவர் அறிமுகப்படுத்திய முகவர் சொன்ன விலை 83, கட்டணம் கிடையாது. 4,15,000 கிடைக்கும். வித்தியாசம் 20,584. கொத்தனாருக்கும் சிற்றாளுக்கும் எத்தனை நாள் கூலி என்று அண்ணன் மனக்கணக்குப் போட்டிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த 20,584ஐ அப்படியே விழுங்காமல் இரண்டாகப் பிளந்து பார்க்க வேண்டும். இந்த ஆய்வின் கரு அங்கேதான் இருக்கிறது.

நடுவிலையில் 5,000 வெளிப்பணத்தின் மதிப்பு 4,00,000. வங்கி கொடுப்பதாகச் சொன்னது அதைவிட 5,584 குறைவு. அதில் 4,000 விலை வித்தியாசத்தில் போனது, 1,584 கட்டணமாகப் போனது. வங்கிக்குக் கிளை வாடகை இருக்கிறது, இடைவங்கிகளுக்குக் கொடுக்கும் கமிஷன் இருக்கிறது, ஆவணம் சரிபார்க்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள், பெறும் நாட்டில் முன்கூட்டியே போட்டு வைக்கும் பணத்துக்கான வட்டி இருக்கிறது. உண்டியல்காரருக்கு இதில் பெரும்பகுதி இல்லை. ஒரு கைப்பேசி, ஒரு நோட்டுப் புத்தகம், மறுமுனையில் நம்பிக்கையான ஓர் ஆள். இந்தச் சிக்கனத்தை அவர் வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுத்தால் 5,584 வரை மிச்சமாகலாம். இதில் மர்மம் எதுவுமில்லை. உலக வங்கியின் கணக்குப்படி 200 டாலர் அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு இன்னும் 6 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கிறது. அதை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. வங்கி வழி விலை உயர்ந்ததாக இருக்கிறது என்ற புகாரில் நியாயம் இருக்கிறது.

மிச்சமுள்ள 15,000 வேறு ரகம். ஒருவர் செலவே இல்லாமல் தொழில் செய்தாலும், லாபமே வேண்டாம் என்றாலும், அதிகபட்சம் நடுவிலை வரைதான் கொடுக்க முடியும். சிக்கனம் ஏற்றிவிடக்கூடிய உயரம் அவ்வளவுதான். நடுவிலைக்கு மேலே ஒரு காசு கிடைத்தாலும் அது வேறு யாரோ தன் பையிலிருந்து போடும் பணம். முகவர் தருமம் செய்வதில்லை. அப்படியானால் அந்த 15,000ஐப் போட்டவர் யார்?

மறுபக்கத்தில் நிற்பவர்

அண்ணனின் 5,000 வெளிப்பணம் நாட்டைவிட்டு நகரவே இல்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். முகவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் கூட்டாளிக்கு ஒரு செய்தி அனுப்பினார்: இன்ன கணக்குக்கு 4,15,000 கொடு. கூட்டாளி கொடுத்துவிட்டார். இப்போது முகவர் கூட்டாளிக்குக் கடன்பட்டிருக்கிறார். இந்தக் கடனைத் தீர்ப்பதில்தான் மொத்தத் தொழிலும் அடங்கியிருக்கிறது.

இரு பக்கமும் சமமாகப் பணம் அனுப்பப்பட்டால் கடனும் கடனும் கழிந்துவிடும். ஆனால் உழைக்கப் போனவர்கள் ஊருக்கு அனுப்புவார்களே தவிர, ஊரிலிருந்து அவர்களுக்கு யார் அனுப்புவார்கள்? பணம் ஒரே திசையில் சாய்கிறது. முகவரிடம் வெளிப்பணம் குவிகிறது, ஊர்க் கூட்டாளியிடம் ஊர்ப்பணம் வற்றுகிறது. ஆகவே ஊர்ப்பணம் கைவசம் வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் வெளிப்பணம் வேண்டும், ஆனால் வங்கி வழியாக வேண்டாம் என்று நினைக்கும் ஒருவர் தேவை. அவர் கிடைத்துவிட்டால் எல்லாம் பொருந்திவிடும். அவர் ஊரில் ஊர்ப்பணத்தைக் கொடுப்பார், அது தங்கைக்குப் போகும். அண்ணன் கொடுத்த வெளிப்பணம் அவருடைய வெளிநாட்டுத் தேவைக்குப் போகும்.

அந்த ஆள் ஒரு வெளிப்பணத்துக்கு 86 கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 5,000க்கு 4,30,000. அதில் 4,15,000 தங்கைக்கு. 15,000 முகவருக்கும் கூட்டாளிக்கும். சந்தையில் 80க்குக் கிடைப்பதை ஒருவர் 86க்கு வாங்குகிறார் என்றால் அவர் ஏமாளி அல்ல. வங்கி வழியில் போனால் அதைவிட அதிகம் இழப்பார், அவ்வளவுதான்.

ஓர் எளிய கணக்கு. ஓர் இறக்குமதியாளர் 1,00,000 வெளிப்பணத்துக்குச் சரக்கு வாங்குகிறார். சுங்கத்துறையிடம் 40,000 என்று குறைத்துப் பட்டியல் காட்டுகிறார். அந்த 40,000 வங்கி வழியாக ஒழுங்காகப் போகிறது. மறைத்த 60,000ஐயும் விற்பவருக்குக் கொடுத்தாக வேண்டும், ஆனால் பட்டியலில் இல்லாத தொகையை வங்கி அனுப்பாது. சுங்கவரி 30 சதவீதம் என்றால், மறைத்ததில் அவருக்கு மிச்சம் 18,000. அந்த 60,000ஐ 80க்குப் பதில் 86 கொடுத்து வாங்கினால் கூடுதல் செலவு ஏழரை சதவீதம், அதாவது 4,500. நிகர லாபம் 13,500. இப்போது 86 என்பது மலிவாகத் தெரிகிறது, இல்லையா? அண்ணனுக்குக் கிடைத்த நல்ல விலை இந்தச் சுங்க ஏய்ப்பிலிருந்து கிள்ளிக் கொடுத்த ஒரு துண்டு.

வரி கட்டாத பணத்தை வெளிநாட்டில் பதுக்க நினைப்பவர், கடத்தல் தங்கத்துக்கு விலை கொடுப்பவர், லஞ்சப் பணத்தில் வெளிநாட்டில் வீடு வாங்குபவர் எல்லோரும் இதே வரிசையில் நிற்பவர்கள்தான். போதைப்பொருள் விற்ற ரொக்கத்தை வைத்திருப்பவர் இன்னும் தாராளமானவர். அவருக்குக் கையிலிருக்கும் நோட்டுகளே ஆபத்து. அவற்றைக் கைகழுவ எவ்வளவு தள்ளுபடி வேண்டுமானாலும் கொடுப்பார். அனுப்புபவருக்கு இவர்களில் யாருமே தெரியாது. முகவருக்கும் பல நேரம் தெரியாது. நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்ற பன்னாட்டு அமைப்பு 2013இல் ஹவாலா பற்றி வெளியிட்ட அறிக்கை முகவர்களை மூன்றாகப் பிரிக்கிறது: மரபான நேர்மையான தொழில் செய்பவர்கள், அறிந்தோ அறியாமலோ குற்றப் பணமும் கலந்து ஓடும் கலப்பு ரகத்தினர், குற்றத்துக்காகவே நடத்துபவர்கள். வாடிக்கையாளரின் இடத்திலிருந்து பார்த்தால் மூவரும் ஒரே மாதிரி சிரித்துப் பேசுவார்கள்.

விலையை அரசே கட்டிப்போடும்போது

ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நடுவிலைக் கணக்கு அநியாயமாகிவிடும். அரசு தன் நாணயத்துக்கு ஒரு விலையைக் கட்டிப்போட்டு, அந்த விலையில் டாலர் கேட்பவர்களுக்குக் கொடுக்க முடியாமல் திணறும்போது, இணையதளத்தில் தெரியும் நடுவிலையே பொய்யாகிவிடுகிறது. அப்போது மருந்து இறக்குமதி செய்யும் நேர்மையான வணிகர்கூட வெளியே அதிக விலை கொடுத்து டாலர் வாங்க வேண்டியிருக்கும்.

2021இன் இறுதியில் இலங்கையில் இது நடந்தது. அதிகாரபூர்வ விலை ஒரு டாலருக்கு 200 ரூபாயை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வெளியே உண்டியல் விலை அதைவிட வெகுவாக மேலே இருந்தது. வங்கி வழி அனுப்புபவர்களுக்கு டாலருக்கு 2 ரூபாய் என்றிருந்த ஊக்கத்தொகையோடு, அந்த டிசம்பரில் மேலும் 8 ரூபாயைச் சேர்த்தது மத்திய வங்கி. இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்ததால் பலன் சிறிதே. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய தொகை 2020இல் சுமார் 710 கோடி டாலர். 2021இல் அது சுமார் 550 கோடி, 2022இல் 380 கோடிக்கும் சற்றுக் குறைவு. உழைப்பவர்கள் ஊருக்கு அனுப்புவதை நிறுத்திவிடவில்லை, வழியை மாற்றிக்கொண்டார்கள். 2022 மார்ச்சில் ரூபாயின் விலையைச் சந்தை முடிவு செய்ய விட்டார்கள். இடைவெளி சுருங்கி நிலைமை சீரடைந்தபின், 2023இல் வங்கி வழி வரவு 600 கோடியை நெருங்கியது. உபதேசத்தால் திரும்பாத பணம் விலை சரியானதும் திரும்பியது.

இப்படிப்பட்ட காலத்தில் உண்டியலின் கூடுதல் விலையைக் குற்றத்தின் மணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தங்கை இருக்கும் நாட்டில் அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. வங்கிகள் தாராளமாகவே வெளிப்பணம் விற்றுக்கொண்டிருந்தன. அதனால்தான் அந்த 83 எனக்கு உறுத்தியது.

குயில் இட்ட முட்டை

பழைய உண்டியலில் ரொக்கம் வீட்டுக்கு வரும். ஏதாவது ஒரு நோட்டின் வரிசை எண்தான் அடையாளம். அனுப்புபவர் அந்த எண்ணைக் குடும்பத்துக்குச் சொல்வார். வந்து நிற்பவர் அந்த எண்ணைக் கேட்டுச் சரிபார்த்து, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். இதிலும் ஆபத்து உண்டு. பெரிய ரொக்கம் வீட்டுக்கு வருவது அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் திருடனுக்கும் தெரியும். கட்டின் நடுவே கள்ள நோட்டு இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இருந்தாலும் அதில் வங்கிக் கணக்கு மாட்டுவதில்லை.

அண்ணனின் முகவர் நவீனமானவர். “ரொக்கமாகக் கொண்டுவந்து தருவதெல்லாம் இப்போது இல்லை, கணக்கு எண் கொடுங்கள், நேரே போட்டுவிடுகிறோம்” என்றார். அண்ணனுக்கு இது கூடுதல் பாதுகாப்பாகப் பட்டது. வங்கிக் கணக்கில் வருகிறதே, பிறகென்ன என்று நினைத்தார். உண்மையில் ஆபத்து அங்கேதான் பெருகியது.

ஒன்பது வரவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறு வரவுகள் பணம் செலுத்தும் இயந்திரங்களில் போடப்பட்டவை. மூன்று வெவ்வேறு ஊர்களில், சில நேரம் பதினைந்து நிமிட இடைவெளியில். தங்கையோ அந்த ஊர்களுக்குப் போனதே இல்லை. 48,000 என்ற எண்ணுக்கும் காரணம் இருந்தது. அந்த நாட்டில் 50,000க்கு மேல் ரொக்கம் செலுத்தினால் அடையாள ஆவணம் காட்ட வேண்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படி ஒரு கோடு 10,000 டாலரில் இருக்கிறது, அதைத் தாண்டும் ரொக்கத்தைப் பற்றி வங்கி அரசுக்கு அறிக்கை கொடுக்கும். அறிக்கையைத் தவிர்ப்பதற்காகவே கோட்டுக்குக் கீழே துண்டு துண்டாகச் செலுத்துவது இரு நாடுகளிலும் தனிக் குற்றம். பணம் நல்ல பணமாக இருந்தாலும் குற்றம்தான்.

மீதி மூன்று வரவுகள் முன்பின் தெரியாதவர்களின் கணக்குகளிலிருந்து உடனடிப் பரிமாற்றமாக வந்தவை. அவற்றில் ஒன்று விஷம். இணைய முதலீட்டு மோசடியில் ஏமாந்த ஒருவரின் பணம் முதலில் ஒரு வாடகைக் கணக்குக்குப் போயிருந்தது. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை அடுத்தவருக்குக் கொடுத்த யாரோ ஒருவரின் கணக்கு அது. அங்கிருந்து 48,000 தங்கையின் கணக்குக்கு வந்தது. ஏமாந்தவர் புகார் கொடுத்தார். பணம் போன பாதையைத் தேடி வந்த காவல்துறை இரண்டாவது படியிலேயே தங்கையின் வாசலில் வந்து நின்றது.

நடந்ததை மோசடிக்காரரின் இடத்திலிருந்து பார்த்தால் அதன் நேர்த்தி புரியும். அவரிடம் ஊரில் அழுக்குப் பணம் இருக்கிறது. அண்ணனிடம் வெளிநாட்டில் சுத்தமான சம்பளப் பணம் இருக்கிறது. இரண்டும் இடம் மாறிக்கொண்டன. மோசடிக்காரர் வெளிநாட்டில் சுத்தமான பணத்தை எடுத்துக்கொண்டார், தங்கை அழுக்குப் பணத்தைப் பெற்றுக்கொண்டாள். ஆஸ்திரேலியாவில் பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் ஆஸ்ட்ராக் அமைப்பு இந்த முறையைப் பற்றிப் பல முறை எச்சரித்திருக்கிறது. குயிலின் பெயரால் இதைக் குக்கூ ஸ்மர்ஃபிங் என்று அழைக்கிறார்கள். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதை நாம் செல்லமாகத்தான் சொல்லி வந்திருக்கிறோம். காக்கையிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

முடக்கிய பிறகு

புகார் 48,000க்கு. முடங்கியது முழுக் கணக்கும். தங்கையின் சம்பளம் வரும் கணக்கும் அதுவே. வீட்டுக் கடன் தவணையும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்தே போக வேண்டும். 4,15,000இல் பாதிக்கு மேல் ஏற்கெனவே சிமெண்டாகவும் கம்பியாகவும் மாறியிருந்தது.

வங்கி ஒரு படிவம் கொடுத்தது. ஒவ்வொரு வரவுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: அனுப்பியவர் யார், அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு, எதற்காக அனுப்பினார். தங்கை ஒன்பது முறையும் “தெரியாது” என்று எழுதியிருந்தாள். நேர்மையான பதில்தான். ஆனால் மறுபக்கம் இருந்து அந்தப் படிவத்தைப் பல ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாடகைக் கணக்கு வைத்திருப்பவர்களும் அதையேதான் எழுதுவார்கள்.

முகவரிடம் அண்ணன் கேட்டார். “தொகை வந்து சேர்ந்ததா இல்லையா? அதோடு என் வேலை முடிந்தது” என்று பதில். தொழில் முறைப்படி அவர் சொன்னது சரி. உண்டியலில் வாக்கு என்பது தொகையைப் பற்றியது, தொகை எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியது அல்ல. அடுத்த நாள் அந்த எண் இயங்கவில்லை. இருவருக்கும் இடையே நடந்த உரையாடல் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி முகவர் முதலிலேயே அமைத்து வைத்திருந்தார். அண்ணனிடம் ரசீது இல்லை. ஒரே நல்ல காரியம், முகவருக்குக் கொடுப்பதற்காக 5,000 வெளிப்பணத்தை அவர் தன் சம்பளக் கணக்கிலிருந்து ஒரே தடவையில் எடுத்திருந்தார். அந்த ஒரு வரிதான் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

சட்டம் யாரைப் பிடிக்கிறது

“நான் என் சொந்தப் பணத்தைத்தானே என் வீட்டுக்கு அனுப்பினேன்” என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி வேறு.

ஹவாலா என்ற சொல்லே குற்றம் அல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் மத்திய வங்கியிடம் பதிவுசெய்து இந்தத் தொழிலை நடத்தலாம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவும் கண்காணிப்பும் கட்டாயம். அமெரிக்காவில் உரிமமோ பதிவோ இல்லாமல் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. இவையெல்லாம் பெரும்பாலும் தொழில் நடத்துபவரைக் குறி வைப்பவை. அனுப்புபவர் தனக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்வது இதனால்தான்.

எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் வசிப்பவரின் சார்பாக வரும் பணத்தை அங்கீகாரம் பெற்றவர் வழியாகத் தவிர வேறு எப்படியும் யாரும் பெறக் கூடாது என்கிறது அது. அதற்குக் கீழே ஒரு விளக்கம். இணையான தொகை வெளிநாட்டிலிருந்து உள்ளே வராமல், இங்குள்ள இன்னொருவர் வழியாகப் பணம் கிடைத்தால், அது வங்கி வழியாகவே கைக்கு வந்திருந்தாலும், அங்கீகாரம் பெற்ற வழி ஆகாது. ஹவாலா என்ற சொல் அங்கே இல்லை, ஆனால் அதை வரைந்து காட்டியது போல் இருக்கிறது. மீறியவர் யார்? பெற்றவர். அதாவது அண்ணன் அல்ல, ஊரில் இருக்கும் தங்கை. 13ஆம் பிரிவின்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். இது சிறைக் குற்றமல்ல, தண்டத்தோடு முடியும் மீறல் என்பது ஒரு சிறிய ஆறுதல். அந்தப் பணத்தில் குற்றப் பணம் கலந்திருந்தால் பணச் சலவைச் சட்டம் தனியாக வரும்.

பிரிட்டனில் 2018 முதல் கணக்கு முடக்க ஆணை என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. கணக்கில் உள்ள பணம் குற்றத்தின் வழி வந்தது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் போதும், நடுவர் நீதிமன்றம் முடக்கலாம். யார் மீதும் வழக்குத் தொடுத்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பணத்தையே பறிமுதல் செய்யும் கட்டத்திலும், குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது அதிகம் நம்பத்தக்கது என்ற தராசுதான். கணக்கு வைத்திருப்பவர் கெட்டவரா என்பதைவிடப் பணம் எங்கிருந்து வந்தது என்பதே அங்கே முக்கியம்.

இவற்றுக்கு அப்பால் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முகவர் பணத்தோடு மறைந்துவிட்டால் என்ன செய்வது? உரிமம் இல்லாதவரிடம், சட்டம் அனுமதிக்காத வழியில், ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போவது எளிதல்ல. சட்டவிரோதமான ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் கை கொடுக்காது என்பது பல நாடுகளின் பொது விதி. புகார் கொடுக்கப் போனால் முதலில் தன் தவற்றைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும்.

முகவர் நேர்மையானவராக இருந்தாலும் வலைப்பின்னல் ஒரே நாளில் அறுந்துபோகலாம். 2001 நவம்பர் 7ஆம் தேதி அமெரிக்கா அல் பரக்காத் என்ற சோமாலியப் பரிமாற்ற வலைப்பின்னலைப் பயங்கரவாதத்துக்கு நிதி கொடுப்பதாகப் பட்டியலிட்டு அதன் சொத்துகளை முடக்கியது. வங்கிகளே இல்லாத நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் மாதச் செலவு அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வழியில் இருந்த பணம் வழியிலேயே நின்றது. செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் ஊழியர்கள் 2004இல் எழுதிய அறிக்கை, அந்தக் குற்றச்சாட்டை விசாரணைகளால் நிறுவ முடியவில்லை என்று பதிவு செய்தது. வங்கி மூழ்கினால் வைப்புத்தொகைக் காப்பீடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். இங்கே அனுப்பியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

முன்பே தெரிந்திருக்க முடியுமா

அண்ணன் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான். முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். முதல் அறிகுறி விலை. முகவர் சொன்ன விலையை அன்றைய நடுவிலையோடு ஒப்பிட்டிருந்தால் போதும். நடுவிலையைவிடச் சற்றுக் குறைவாக, வங்கியைவிட மேலாக ஒருவர் கொடுத்தால் அது சிக்கனத்தால் வந்த விலையாக இருக்கலாம். உரிமம் பெற்ற இணையவழிப் பரிமாற்ற நிறுவனங்கள் அந்த இடத்தில்தான் போட்டியிடுகின்றன. அண்ணன் அவற்றில் ஒன்றைக்கூட விசாரிக்கவில்லை. அவர் ஒப்பிட்டது தன் வங்கியையும் முகவரையும் மட்டும். நடுவிலையைத் தாண்டிய விலை வந்தால், நாட்டில் வெளிப்பணத் தட்டுப்பாடு இல்லாத நேரத்தில், மறுபக்கத்தில் யாரோ ஒருவர் எதையோ மறைக்கக் காசு கொடுக்கிறார் என்று பொருள்.

இரண்டாவது அறிகுறி பதிவேடு. பணப் பரிமாற்றத்துக்கு உரிமம் கொடுக்கும் அமைப்புகள் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலை வெளியிடுகின்றன. முகவரின் கடைப் பலகையில் இருக்கும் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. கையில் தரும் ரசீதில் அதே பெயரும் ஒரு பரிவர்த்தனை எண்ணும் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற கடையின் மேசையிலேயே “உண்டியல் விலை” என்று தனியாக ஒரு விலை ஓடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். பலகைக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது அறிகுறி முகவரின் வாயிலிருந்தே வந்தது. “வங்கியில் யாராவது கேட்டால் கைமாற்றாகக் கொடுத்தது திரும்பி வந்தது என்று தங்கையைச் சொல்லச் சொல்லுங்கள்” என்றார். அண்ணன் அதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொண்டார். தங்கை அந்தப் பொய்யைச் சொல்லாதது அவளுடைய நல்ல காலம். ஒன்பது பேருக்குக் கைமாற்றுக் கொடுத்ததாக எழுதியிருந்தால், அடுத்த கேள்விக்கே அகப்பட்டிருப்பாள்.

முதல் வரவு வந்த நாளிலேயே ஒன்று செய்திருக்கலாம். பணத்தைத் தொடாமல், முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வரவுகள் வருகின்றன என்று வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒரு வழக்கறிஞரையும் பார்த்திருக்கலாம். அண்ணனின் பங்கை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும், அது இனிப்பான காரியமல்ல. ஆனால் செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. இப்படி வந்த பணத்தை, “தவறாகப் போட்டுவிட்டேன், இந்த எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்” என்று தொலைபேசியில் கேட்பவருக்குத் திருப்பி அனுப்புவது. அனுப்பிய நொடியில், குற்றப் பணத்தை அடுத்த படிக்கு நகர்த்தியவராக நாமே ஆகிவிடுகிறோம். தங்கைக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்திருந்தது. கணக்கு முடங்கியிருந்ததால் தப்பித்தாள்.

அண்ணனின் சம்பளச் சீட்டுகளும், 5,000 எடுத்த அந்த ஒற்றை வரியும், வழக்கறிஞர் எழுதிய விளக்கமும் சேர்ந்து பதினொரு வாரத்தில் முழு முடக்கம் நீங்கியது. புகாருக்குரிய 48,000 மட்டும் வழக்கு முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுத்தது 25,000, தவணை தவறியதற்கான அபராதம் 3,200. அன்னியச் செலாவணி விதியை மீறியதற்கு விளக்கம் கேட்கும் கடிதம் சென்ற மாதம் தங்கையின் பெயருக்கு வந்தது. பதில் அனுப்ப முப்பது நாள் அவகாசம். வீடு ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது.